எதிரெதிர் இரண்டு கடை, ஒரு எண்ணெய் பாக்கெட்

கேள்வி: கைதிகளின் இக்கட்டு என்று ஆட்டக் கோட்பாட்டில் சொல்கிறார்களே, இரண்டு கடைகளின் விலைப்போட்டியை வைத்து அதை விளக்க முடியுமா? நஷ்டம் என்று தெரிந்தும் ஏன் இருவரும் விலையைக் குறைக்கிறார்கள்?

மளிகைக் கடையில் வளர்ந்தவன் நான். எங்கள் கடைக்கு நேர் எதிரே இன்னொரு மளிகைக் கடை இருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அப்பாவின் கண் முதலில் போவது எதிர்க்கடைச் சிலேட்டில் எழுதியிருக்கும் எண்ணெய் விலைக்குத்தான்.

கணக்கு எளிதாக இருக்க எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். லிட்டர் பாக்கெட்டின் கொள்முதல் 130 ரூபாய். இரண்டு கடையும் 140க்கு விற்றால் ஆளுக்கு 100 பாக்கெட் போகும், நாள் லாபம் 1,000. ஒருவர் மட்டும் 137 ஆக்கினால் கூட்டம் அங்கே சாயும்: 180 பாக்கெட், லாபம் 1,260. மற்றவருக்கு மிஞ்சுவது 20 பாக்கெட், 200 ரூபாய். இருவருமே 137 என்றால் பழையபடி ஆளுக்கு 100 பாக்கெட், ஆனால் லாபம் 700தான்.

இப்போது அப்பாவின் கல்லாவில் உட்கார்ந்து பாருங்கள். எதிர்க்கடை 140லேயே நின்றால், நாம் குறைத்தால் 1,260, குறைக்காவிட்டால் 1,000. எதிர்க்கடை குறைத்துவிட்டால், நாமும் குறைத்தால் 700, சும்மா இருந்தால் 200. அவர் எதைச் செய்தாலும் நமக்குக் குறைப்பதே மேல். அவருக்கும் இதே கணக்கு. இருவரும் சரியாக யோசித்தே 1,000ஐ விட்டுவிட்டு 700க்கு வந்து சேர்கிறார்கள். 1950இல் ஃப்ளட், டிரெஷர் என்ற இருவர் இந்த அமைப்பை ஆராய்ந்தார்கள். தனித்தனியே விசாரிக்கப்படும் இரண்டு கைதிகள், மற்றவரைக் காட்டிக்கொடுப்பதா வாயை மூடிக்கொண்டிருப்பதா என்று இதே கணக்கைப் போடும் கதையைக் கோத்தவர் ஆல்பர்ட் டக்கர்.

பேசிவைத்துக்கொண்டால் தீராதா என்றால், தீராது. பேச்சை மீறினால் கிடைக்கும் அந்த 260 ரூபாய் அப்படியேதான் இருக்கிறது. தவிர, விலையைப் பேசி நிர்ணயிப்பது இந்தியாவில் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம். கடைக்காரர்களின் இந்த இக்கட்டில்தான் வாங்குபவருக்கு மூன்று ரூபாய் மிச்சமாகிறது.

ஆனாலும் தினமும் விலை சரிவதில்லையே, ஏன்? நாளைக்கும் கடை திறக்க வேண்டும். இன்று 260 கூடுதலாகப் பார்த்தால், எதிர்க்கடையும் இறங்கிய பிறகு தினம் 300 குறையும். சிலேட் கண்ணெதிரே இருப்பதால் பதிலடி அன்றைக்கே வந்துவிடும். வாடிக்கைக்காரர்களிடம் மட்டும் ரகசியமாகக் குறைத்து, அது வெளியே தெரிய ஐந்து நாளாகிறது என்றால், 1,300 ரூபாய் கையில் வந்துவிடுகிறது. அங்கே ஆசை வலுக்கும்.

எல்லா விலைக்குறைப்பும் இந்த வகை அல்ல. 137 என்றதும் பக்கத்துத் தெருக்காரர்களும் வந்து, ஆளுக்கு 150 பாக்கெட் போனால் லாபம் 1,050. அப்போது இக்கட்டே இல்லை. இருவரும் குறைத்த பிறகு இருவருக்கும் மொத்த லாபம் முன்னைவிட இறங்கியதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒருமுறை எதிர்க்கடைக்காரர் மாதக் கடைசியில் கடையைக் காலி செய்யவிருந்தார். அந்த வாரமே அவர் சிலேட்டில் விலை விழுந்தது. பதிலடிக்குப் பயப்பட அவருக்கு இனி நாள் இல்லை. அப்பாவும் அன்றே எங்கள் சிலேட்டை ஈரத்துணியால் துடைத்து அதே விலையை எழுதினார். ஒன்றாம் தேதி எதிரே ஷட்டர் திறக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் பழைய விலையைத் திரும்ப எழுதினார்.