எந்தச் சத்தம்?

கேள்வி: ஆறு மாதமாக 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் வைத்திருக்கிறேன். மாவு அரைகிறது, ஆனால் சத்தம் போடுகிறது. விமர்சனத்தில் மூன்று நட்சத்திரம் போட்டு 'பரவாயில்லை' என்று எழுதினால் போதுமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: எந்தச் சத்தம் என்று எழுதுங்கள். வாங்கப்போகிறவருக்கு வேண்டியது அதுதான்.

காலி டிரம்மில் குழவிகள் உருண்டால் கடகடக்கத்தான் செய்யும். உளுந்தும் தண்ணீரும் விழுந்ததும் அடங்கிவிட்டால் அது குறையே இல்லை. அதற்காக நட்சத்திரத்தைக் குறைப்பது விற்றவருக்கு அநியாயம். மாவு இருக்கும்போதும் 'டக் டக்' என்று தட்டி, குழவி ஆடினால் உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்திருக்கலாம். போட்டவுடன் 'கீச்' என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லை அதில் ஈரம் பட்டிருக்கும். மோட்டார் ஓடியும் டிரம் நின்றால் பெல்ட் வழுக்குகிறது. மோட்டாரே கிளம்பாமல் உறுமினால் கன்டென்சரைப் பார்க்க வேண்டும், அல்லது வீட்டில் வோல்டேஜ் குறைவு. உடனே சுவிட்சை அணையுங்கள். விட்டுவைத்தால் மோட்டாரின் காயில் கருகும்.

பெல்ட் என்றால் எவ்வளவு மாவு போட்டீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2 லிட்டர் என்பது டிரம்மின் அளவு. அதை விளிம்புவரை நிரப்பி, கெட்டியாக அரைத்து, பெல்ட் போய்விட்டது என்று கம்பெனியைத் திட்டுகிற விமர்சனங்கள் ஏராளம். பெட்டி பிரித்த அன்றே 'பேக்கிங் சூப்பர்' என்று ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களோடு எனக்குப் பழைய சண்டை. அட்டைப்பெட்டியா மாவு அரைக்கப்போகிறது?

இப்படி எழுதலாம்: "வாரம் இரண்டு முறை, 200 கிராம் உளுந்தும் 600 கிராம் இட்லி அரிசியும் தனித்தனியாக அரைக்கிறோம். உளுந்துக்கு 30 நிமிடம். மாவு லேசாகத்தான் சுடுகிறது. நான்காம் மாதம் பெல்ட் கத்தியது. வாரண்டியில் மாற்றித் தந்தார்கள், ஆள் வரப் பத்து நாள் ஆனது. டிரம்மைத் தூக்கிக் கழுவக் கை வலு வேண்டும்." இதில் பெல்ட் கோளாறு கம்பெனியின் கணக்கு, பத்து நாள் தாமதம் சர்வீஸ் சென்டரின் கணக்கு. உடையாமல் கொண்டுவந்து தந்த கடைக்காரர் தலையில் இரண்டையும் கட்டக் கூடாது.

மாவு பொங்கவில்லை என்று எழுதும் முன் உளுந்தைச் சந்தேகியுங்கள். பழைய உளுந்து எந்தக் கல்லிலும் காணாது. புது உளுந்தாக வாங்கி, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரைத்து, ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விடுங்கள். மிதந்தால் கிரைண்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. அப்படியும் மூழ்கினால், எவ்வளவு நேரம் அரைத்தீர்கள் என்பதோடு அதையும் எழுதுங்கள்.