ஒரு பொருளைத் திருப்பியதும் டெலிவரி கட்டணத்தைப் பிடித்துக்கொள்வது ஏன்?

கேள்வி: இரண்டு பொருள் வாங்கினேன், ஷிப்பிங் இலவசம் என்றார்கள். ஒன்றைத் திருப்பி அனுப்பினால் ரீஃபண்டில் பணம் குறைகிறதே, ஏன்?

பதில்: திருப்பியதைக் கழித்துவிட்டு, நீங்கள் வைத்துக்கொண்டதை மட்டும் வாங்கியதாக நினைத்துக் கடை மறுபடி பில் போடுகிறது. எல்லாக் கடைகளும் இப்படிச் செய்வதில்லை. செய்பவர்கள் ரிட்டர்ன் விதிமுறையில் எழுதியிருப்பார்கள்.

இலவச ஷிப்பிங் வரம்பு 1000, வழக்கமான கட்டணம் 80 என்று வைத்துக்கொள்வோம். 700க்கு ஒன்று, 450க்கு ஒன்று, மொத்தம் 1150. 450 பொருளைத் திருப்பினால் மிஞ்சுவது 700, வரம்புக்குக் கீழே. அதனால் 80 போக 370 கைக்கு வரும். மிஞ்சுவது 1000க்குக் குறையாமல் இருந்திருந்தால் இந்தப் பிடித்தமே வராது.

370ஐயும் விடக் குறைவாக வந்தால் வேறு காரணம் இருக்கும். ஒன்று, திருப்பி எடுத்துவரும் கட்டணம். அது தனிக் கணக்கு. இன்னொன்று கூப்பன். மொத்தத் தள்ளுபடியை இரண்டு பொருளுக்கும் விலை விகிதத்தில் பிரித்திருப்பார்கள். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பொருள் பழுதாகவோ தவறாகவோ வந்திருந்தால் இந்த 80ஐ ஏற்காதீர்கள், தப்பு உங்களுடையது அல்லவே. ஆனால் ரிட்டர்ன் காரணத்தில் 'பிடிக்கவில்லை' என்று தட்டியிருந்தால் கணினி தானாகவே பிடித்துவிடும். சரி, அப்படி ஆகிவிட்டால் படங்களோடு வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, காரணத்தை மாற்றச் சொல்லுங்கள்.