ஹையர் டைப்பிங்: வேகம் 38-ஐத் தாண்டவில்லை

"தினமும் ஒரு மணி நேரம் அடிக்கிறேன், மாதக்கணக்கில் 38 வார்த்தையிலேயே நிற்கிறது. 45 எப்படி வரும்?"

வசதியான வேகத்திலேயே அடித்தால் விரல் அதையே பழகிக்கொள்ளும். தினமும் கால் மணி நேரம் மட்டும், சீராக டிக் டிக் என ஒலிக்கும் மெட்ரோனோம் ஆப்பில் நிமிடத்துக்கு 210 தட்டு வைத்து, தட்டுக்கு ஒரு எழுத்தாக அடியுங்கள். ஐந்து தட்டு ஒரு வார்த்தை, ஆக 42 வார்த்தை. ஒவ்வொரு நிமிடமாக அடியுங்கள், பிழை வரட்டும், நிறுத்தாதீர்கள்.

பிறகு பிழைகளை வட்டமிடுங்கள். பெரும்பாலும் ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு எழுத்தைத் தொடும் இடங்கள்தான் தடுக்கும்: `ed`, `ce` இரண்டுக்கும் இடது நடுவிரல், `un`-க்கு வலது ஆள்காட்டி விரல். `decide`, `under` போன்றவற்றை மெதுவாக, சீரான தாளத்தில் அடித்துப் பழகுங்கள்.

பிழை எல்லா எழுத்திலும் சிதறினால் வேகம் அதிகம்; 200-க்கு இறக்குங்கள். தேர்வு நெருங்கும்போது இதை நிறுத்திவிட்டுப் பிழையில்லாமல் அடிப்பதற்குத் திரும்புங்கள், பிழைக்கு மதிப்பெண் போகும்.