ஒரு தோசைக்கு அடக்கம் எவ்வளவு? பாபநாசம் டிபன் கடைக்காரரின் பதில்கள்

பாபநாசத்தில் காலை, மாலை இரண்டு வேளையும் டிபன் போடுகிறேன். இட்லி, பொங்கல், பூரியோடு நாளைக்கு சுமார் 200 சாதா தோசை போகும். கீழே வரும் விலைகள் நான் இப்போது வாங்கும் விலைகள். உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

அண்ணே, மன்னார்குடியில் சின்னதாகக் கடை போடப் போகிறேன். மாவு 3 ரூபாய், எண்ணெய் 1 ரூபாய். தோசை அடக்கம் 4 ரூபாய்தானே? 25 ரூபாய்க்கு விற்றால் கொள்ளை லாபம் இல்லையா?

மாவையும் எண்ணெயையும் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள், தம்பி. 7 கிலோ இட்லி அரிசி கிலோ 42 வீதம் 294 ரூபாய். உளுந்து ஒன்றே முக்கால் கிலோ, 217 ரூபாய். வெந்தயம், உப்பு, கிரைண்டர் கரண்ட் எல்லாம் 39 ரூபாய். ஆக 550 ரூபாய்க்கு 22 கிலோ மாவு கிடைக்கிறது, கிலோ 25 ரூபாய். என் கரண்டிக்கு 100 கிராம் பிடிக்கும். அப்படியானால் தோசைக்கு மாவு இரண்டரை ரூபாய். எண்ணெய் 200 தோசைக்கு 1.2 லிட்டர், அது 90 பைசா.

இதற்கு அப்புறம் வருவதுதான் பெரிய தொகை. கல் அடுப்பு நாளைக்கு ஆறரை மணி நேரம் எரிகிறது, சுமார் 2.9 கிலோ கேஸ். 19 கிலோ சிலிண்டர் 1,900 ரூபாய்க்கு வருவதால் அது 290 ரூபாய், தோசைக்கு 1.45. மாஸ்டருக்குச் சம்பளம் 900. அவர் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தோசைக்கும் மாவுக்கும் போகிறது, அது 600. பரிமாறுகிறவர், பாத்திரம் கழுவும் அம்மா இருவருக்கும் சேர்த்து 900. தோசை என் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு, அதனால் அதில் 300. ஆக 900 ரூபாயை 200 தோசைக்கு வகுத்தால் 4.50. மாவையும் எண்ணெயையும் கூட்டினாலும் கூலியைத் தொடவில்லை, பாருங்கள். சேதாரம் 25 பைசா. எல்லாம் கூட்டினால் 9.60.

இது வெறும் தோசைதான். சாம்பாருக்கும் சட்னிக்கும் ஐந்தரை, இலைக்கு ஒரு ரூபாய் சேர்த்தால் 16.10. வாடகையும் உங்கள் உழைப்பும் இன்னும் உள்ளே வரவில்லை.

முதல் மாதம் 200 தோசை எங்கே போகும்? எனக்கு 120 போனால் பெரிய விஷயம்.

நல்ல கேள்வி. மாவும் எண்ணெயும் தோசைக் கணக்கு. கேஸும் கூலியும் மணிக் கணக்கு. வாடிக்கையாளர் வந்தாலும் வராவிட்டாலும் கல் சூடாகத்தான் இருக்க வேண்டும், மாஸ்டரும் நிற்கத்தான் வேண்டும். 120 தோசைக்கு அதே 290 ரூபாய் கேஸ் என்றால் 2.42. அதே 900 ரூபாய் கூலி என்றால் 7.50. 9.60 ஆக இருந்த தோசை 13.57 ஆகிவிடும், மாவு ஒரு பைசா கூட ஏறாமலே.

அதனால் அரிசியில் 2 ரூபாய் பேரம் பேசுவதை விட, கூட்டம் இல்லாத நேரத்தைக் குறைப்பது மேல். காலை ஒன்பதரைக்கு மேல் என் கடையில் தோசை கிடையாது. பூரியும் பொங்கலும் தீர்ந்தால் கடை சாத்திவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் முன்பே அடுப்பை அணைக்கிறேன்.

வீட்டு சிலிண்டரை வைத்துக்கொண்டால் கேஸ் பாதியாகக் குறையுமே?

கடைக்கு அது சட்டப்படி கூடாது. பிடித்தால் சிலிண்டரும் போகும், வழக்கும் வரும். நீல சிலிண்டரையே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் குறைய வேண்டுமானால் பர்னர் அடைப்பைப் பாருங்கள். தீ மஞ்சளாக எரிந்து கல்லின் அடி கருத்தால் கேஸ் வீணாகிறது என்று அர்த்தம்.

ஐயா, வலங்கைமான் பக்கம் எங்களுக்கு நிலம் இருக்கிறது. வீட்டு நெல் ஆடுதுறை 37. அரைத்துப் போட்டால் அரிசி செலவே இல்லையே?

ஆடுதுறை 37 இட்லிக்கு அருமையான குண்டரிசி. ஆனால் செலவு இல்லை என்று சொல்லாதீர்கள், ஐயா. அந்த நெல்லை வியாபாரியிடம் போட்டால் என்ன கிடைக்குமோ, அதோடு அவியல் கூலி, அரவைக் கூலி சேர்த்துத்தான் அரிசி விலை.

இன்னொன்றும் உண்டு. தை அறுப்பு முடிந்து புது அரிசி வந்ததும் மாவு காணாது. புதுசு தண்ணீர் குறைவாக இழுக்கும், தோசை கல்லில் பிடித்துக்கொண்டு கிழியும். அதே 7 கிலோவுக்கு 22 கிலோ மாவுக்குப் பதிலாக 20 கிலோதான் வந்தால், தோசைக்கு 25 பைசா கூடிவிடும். சில மாதம் இருப்பு வைத்த அரிசி கைவசம் இருந்தால் கலந்து ஓட்டலாம்.

நான் கும்பகோணத்தில் வீட்டிலேயே மெஸ் நடத்துகிறேன். மீந்த மாவை அடுத்த நாள் மாவில் கலந்துவிடுகிறேன், எனக்கு சேதாரமே கிடையாது. நீங்கள் 25 பைசா போடுகிறீர்களே?

கலப்பதில் தவறில்லை, அம்மா, கொஞ்சம் என்றால். வெயில் காலத்தில் புளித்த மாவு அதிகமானால் புது மாவையும் மதியத்துக்குள் புளிக்க வைத்துவிடும். அன்றைக்குத் தோசை சிவக்காமல் வெளிறிக் கிடக்கும். நான் மீந்ததை ஊத்தப்பமாகவோ குழிப்பணியாரமாகவோ தள்ளிவிடுவேன்.

ஆனால் சேதாரம் என்று நாம் நினைப்பது மீந்த மாவை மட்டும். ஒரு நாள் எடை போட்டுப் பாருங்கள். அடுக்கைக் காலையில் நிறுத்து வைத்து, கடை சாத்தியதும் மறுபடி நிறுங்கள். 20 கிலோ மாவு போயிருக்கிறது, சீட்டில் 175 தோசை என்றால் ஒரு தோசைக்கு 114 கிராம் ஆகிறது. எங்கே போனது? கல் சூடேறாத முதல் இரண்டு தோசை, கிழிந்தது, சீட்டில் வராமல் தெரிந்தவருக்குக் கொடுத்தது, அல்லது மாஸ்டர் கரண்டி தளும்ப ஊற்றுவது. பெரும்பாலும் கடைசிக் காரணம்தான்! 14 கிராம் கூடினால் 35 பைசா. கேட்க அற்பமாகத் தெரியும், மாதத்துக்கு ஆயிரத்து எண்ணூறு தாண்டும்.

காசில் பார்த்தால் மாவை விட தேங்காய்ச் சட்னி மீந்தால்தான் வலி. அதை மாலைக்குக் கூட வைக்க முடியாது. இரண்டு தடவையாக அரையுங்கள்.

மாவைக் கடையில் கிலோ 40க்கு வாங்கினால் கிரைண்டர் தொல்லை இல்லையே?

தோசைக்கு ஒன்றரை ரூபாய் கூடும், 200 தோசைக்கு 300 ரூபாய். அரைக்கும் ஆளின் சம்பளம் அதனால் நிற்குமா என்று பாருங்கள். அதே மாஸ்டர்தான் மதியம் அரைக்கிறார் என்றால் சம்பளம் குறையாது, நஷ்டம். 40, 50 தோசை விற்கிற கடைக்கு வாங்குவது சரிப்படும்.

வீட்டுக்காரம்மா சமைக்கிறார், நான் கல்லாவில். எங்களுக்குக் கூலி கணக்கே வராது. அப்படித்தானே?

வரும். நாளைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்து 900 ரூபாய்க்கு மாஸ்டர் வைக்கும்போது தோசை விலையை ஏற்றுவீர்களா? என் தம்பி இதை ஒப்புக்கொள்வதில்லை. வீட்டு ஆள் உழைப்பே லாபம், அதைச் செலவில் எழுதினால் எந்தச் சின்னக் கடையும் நிற்காது என்பான். அவன் கடையில் தோசை 20 ரூபாய், கூட்டமும் இருக்கிறது.

இரண்டாவது தடவை சாம்பார் கேட்டால் காசு வாங்கலாமா?

நான் வாங்குவதில்லை. கேட்பவர் பத்தில் நாலு பேர்தான், அந்த ஐந்தரையில் அதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன். பார்சல் ஆர்டரில் மட்டும் கூடுதல் சட்னிக்கு 5 ரூபாய்.