வாங்கியதும் ஏமாந்ததும்: வீடு திரும்பியவரின் பத்து மணிச் செய்தி

கேள்வி: துபாயில் சாரம் கட்டும் வேலையில் இருந்தேன். தினமும் இரவு 8.30க்கு என் வாட்ஸ்அப்பிலிருந்து அம்மாவுக்குச் செய்தி தானாகப் போகும்படி, மாதம் 249 ரூபாய்க்கு ஒரு சேவையை வாங்கினேன். ஜனவரியில் நிரந்தரமாக ஊருக்கு வந்துவிட்டேன். செயலியை அன்றே நீக்கிவிட்டேன். ஆனாலும் இரவு 10 மணிக்கு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, ‘அம்மா, சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன், நீ மாத்திரை போட்டுக்கொள்’ என்று அவர் கைபேசிக்கு வருகிறது. எப்படி நிறுத்துவது? (சிவகங்கை மாவட்டத்து வாசகர்)

பதில்: துபாயின் 8.30 நமக்கு 10 மணி. செய்தியை அனுப்பியது உங்கள் கைபேசியாக இருந்திருந்தால், ஊருக்கு வந்ததும் அதன் கடிகாரம் இந்திய நேரத்துக்கு மாறியபோது செய்தியும் 8.30க்கே வந்திருக்க வேண்டும். இன்னமும் 10 மணிக்கே வருகிறது என்றால், அனுப்புவது எங்கோ இருக்கும் அந்த நிறுவனத்தின் கணினி. ஐயம் இருந்தால் இன்று ஒன்பதரைக்குக் கைபேசியை அணைத்து வைத்துப் பாருங்கள். அப்போதும் செய்தி வரும்.

வாங்கிய அன்று கட்டம் கட்டமான ஒரு கியூ.ஆர். குறியீட்டை உங்கள் வாட்ஸ்அப்பால் படம் பிடிக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு நொடியில், உங்கள் கணக்கின் இன்னொரு சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டீர்கள். செயலியை நீக்கியது, சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் இருந்த பெயர்ப்பலகையை மட்டும் கழற்றியதைப் போன்றது. வாட்ஸ்அப்பில் ‘Linked devices’ என்ற வரியைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் சேவையின் பெயரைத் தேடாதீர்கள். பெரும்பாலும் ஏதாவது ஓர் உலாவியின் பெயர்தான் இருக்கும். கடைசியாக இயங்கிய நேரம் இரவு 10 மணியை ஒட்டி எதற்குக் காட்டுகிறதோ, அதைத் தொட்டு ‘Log out’ கொடுங்கள். செய்தி அன்றிரவே நின்றுவிடும்.

பணம் நிற்காது. அது வேறு முடிச்சு. கீழே உங்கள் தங்கையின் கடிதத்தில் அவிழ்க்கிறேன். (ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் எழுதியிருப்பதைப் பார்த்துத் தொலைபேசியில் பேசி, அனைவரின் சம்மதத்தோடுதான் வெளியிடுகிறேன்.)

இரண்டு விஷயங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சாவியை வைத்திருந்தவர்களால் அம்மாவின் உரையாடலை மட்டுமல்ல, உங்கள் கணக்கில் உள்ள எல்லா உரையாடல்களையும் படித்திருக்க முடியும். இப்படித் தானியங்கியாக அனுப்புவது வாட்ஸ்அப்பின் விதிகளுக்கும் எதிரானது. கண்டுபிடித்தால் உங்கள் எண்ணைத்தான் முடக்குவார்கள், சேவை விற்றவரை அல்ல. இதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்கலாம்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயரில் தினமும் நலம் விசாரிக்கும் செய்தி அனுப்பும் செயலி, ‘வாழ்நாள் சந்தா’ 999 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: வேண்டாம். அதில் சொல்லப்படும் வாழ்நாள் செயலியுடையது. உங்களுடையதோ உங்கள் மகனுடையதோ அல்ல.

கேள்வி: அண்ணன் எழுதியிருப்பார். பணம் போவது ஊரில் உள்ள அவருடைய வங்கி அட்டையிலிருந்து. வங்கியில் பதிந்திருப்பது என் எண். அன்று அவர் கேட்ட ஓ.டி.பி.யை நான்தான் சொன்னேன். அதன் பிறகு மாதந்தோறும் வங்கியிலிருந்து ஏதோ ஆங்கிலச் செய்தி வரும். விளம்பரம் என்று விட்டுவிட்டேன். போன பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: விளம்பரம் என்று விட்டுவிட்டீர்கள்! அட்டையிலிருந்து மாதந்தோறும் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய விதிகளின்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வங்கி அறிவிக்க வேண்டும்: யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதோடு, வேண்டாம் என்று மறுக்கும் வழியும் அதில் இருக்க வேண்டும். நீங்கள் மாதந்தோறும் ஒதுக்கித் தள்ளியது அந்தக் கதவைத்தான். அடுத்த செய்தி வந்ததும், ஒரு மாதத் தொகையை மட்டும் மறுக்காமல், கொடுத்த அனுமதியையே ரத்து செய்யுங்கள். செய்தி கிடைக்காவிட்டால் வங்கிக் கிளைக்கு நேரில் சென்று, அட்டையில் உள்ள தானியங்கி அனுமதிகளின் பட்டியலைக் கேளுங்கள்.

இதில் எனக்கு ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு. ஒரு பஞ்சாங்கச் செயலிக்கு மாதம் 99 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தேன். கைபேசி கிணற்றில் விழுந்தது, புதியது வாங்கினேன், செயலியை மறந்தேன். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு வருமான வரிக் கணக்குக்காக வங்கி ஏட்டைப் புரட்டியபோதுதான், நான் பார்க்காத ராகுகாலத்துக்குப் பணம் கட்டி வந்தது தெரிந்தது. செயலியை நீக்கினால் சந்தாவும் நீங்கிவிடும் என்று நம்பிய முட்டாள்களில் இந்தப் பத்தியை எழுதுபவனும் ஒருவன் என்பதால், உங்களை அதிகம் திட்டவும் முடியவில்லை. சேர்வதற்கு ஒரே பொத்தான், விலகுவதற்கோ ஏழு பக்கம் என்று வைத்திருப்பது மறதியால் நடப்பதல்ல. அது திட்டமிட்ட வியாபாரம். இதைச் ‘சந்தாப் பொறி’ என்ற வகையில் சேர்த்து, நுகர்வோரை ஏய்க்கும் 13 உத்திகளில் ஒன்றாக 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்திருக்கிறது. விலகும் வழியை அவர்கள் மறைத்து வைத்திருந்தால், அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

அண்ணன் துபாயில் இருந்த காலத்துப் பணம் திரும்பாது; செய்தி போய்ச் சேர்ந்ததே. ஊருக்கு வந்த பிறகு எடுத்ததைத் திருப்பித் தரும்படி எழுதிக் கேட்கலாம். ஆனால் விலகுவதாக அவர் தெரிவிக்கவே இல்லை என்று அவர்கள் மறுக்கவும் இடம் இருக்கிறது.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுதச் சொல்கிறேன். போன வருடம் என் மகன் சாரத்திலிருந்து விழுந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தானாம், இப்போதுதான் சொல்கிறான். அந்தப் பதினொரு நாளும் ‘சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன்’ என்று வந்தது. நானும் நம்பி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினேன். மொத்தத்தில் எது அவன் எழுதியது, எது மிஷின் எழுதியது என்று பிரித்துப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும், அம்மா. ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் சிறிய எழுத்தில் நேரம் இருக்கும். இயந்திரம் அனுப்பியது 10.00 என்றோ, மிஞ்சிப்போனால் 10.01 என்றோ இருக்கும். சொற்களும் அச்சடித்ததைப் போல ஒன்றாகவே இருக்கும். வேறு நேரத்தில், வேறு சொற்களில், பிழையோடு வந்திருப்பவை உங்கள் மகன் கையால் தட்டியவை.

அந்தப் பதினொரு நாளில் செய்தி தவறாமல் வந்ததற்கும் காரணம் உண்டு. சொந்தக் கைபேசியை 14 நாட்களுக்கு மேல் பயன்படுத்தாமல் இருந்தால்தான், அதோடு இணைத்த மற்ற கருவிகளை வாட்ஸ்அப் துண்டித்துவிடும். இன்னும் நான்கு நாள் அவர் கைபேசியைத் தொடாமல் படுத்திருந்தால், பத்து மணிக்கு எதுவும் வராமல் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தொலைபேசியில் பேசியபோது, பக்கத்து வீட்டுப் பெண் உங்கள் திரையை மேலே தள்ளிக்கொண்டே போய், அந்தப் பன்னிரண்டாம் நாளைப் படித்துக் காட்டினார். இரவு 10.00க்கு வழக்கமான செய்தி. அதற்கு முன், அதிகாலை 3.47க்கு இன்னொன்று: ‘அம்ம தூங்கிட்டியா.’

செய்தியை நிறுத்துவதற்கு முன் இந்த உரையாடலைச் சேமித்துத் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை, அம்மா, இணைப்பைத் துண்டித்தாலும் பழைய செய்திகள் உங்கள் கைபேசியிலேயே இருக்கும்.