ஏழு கதவுக்கு நாற்பது கீலா?

கேள்வி: ஏழு கதவு உள்ள வீடு கட்டுகிறேன். கதவுச் சாமான்களுக்கு மச்சான் தன் கடையிலிருந்து 85,000 ரூபாய்க்கு பில் அனுப்பி, கிரெடிட் கார்டில் 24 மாதத் தவணை போடச் சொல்கிறார். வீட்டுக்கடனுக்கே மாதம் 31,000 போகிறது. மறுத்தால் மனஸ்தாபம் வரும். என்ன செய்ய?

பதில்: மச்சானிடமே வாங்குங்கள். ஆனால் "நீங்களே பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று சொல்லும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். எண்ணாமல் வாங்கியதைத்தான் தவணையாகக் கட்டப் போகிறீர்கள். 16 சதவீத வட்டி என்றால் மாதம் 4,160 ரூபாய். இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 15,000-ஐ நெருங்கும், அதன்மேல் ஜிஎஸ்டி வேறு.

பிளானை எடுத்து, கதவு எண்ணையும் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஏழடி உயரக் கதவுக்கு மூன்று கீல் போதும். தலைவாசல் மூன்றரை அடி அகலத் தேக்கு என்பதால் அதற்கு மட்டும் 5 அங்குலத்தில் நான்கு. படுக்கையறை மூன்று, கொல்லை ஒன்று, கழிவறை இரண்டு, ஆக ஆறு கதவுக்கு 4 அங்குலக் கீல் 18. மொத்தம் 22. பில்லில் 40 இருக்கிறது.

திருகாணியைக் கீலின் துளையை வைத்து எண்ணுங்கள். துளை எட்டு என்றால் 22 கீலுக்கு 176. தலை நசுங்குவது, தொலைவது சேர்த்து நூறு எண்ணிக்கைப் பெட்டி இரண்டு போதும். டவர் போல்ட்டுக்குச் சிறிய திருகாணி, அதைத் தனியாக எழுதுங்கள். தலைவாசலுக்கும் கொல்லைக்கும் மேலும் கீழும் இரண்டிரண்டு, படுக்கையறைக்கு உள்ளே ஒவ்வொன்று, கழிவறைக்கு உள்ளும் வெளியும் ஒவ்வொன்று: மொத்தம் 11 போல்ட். கழிவறைக் கீலும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும், இரும்பு ஈரத்தில் துருப்பிடித்து இறுகிவிடும்.

பணம் போகும் இடம் பூட்டு. ஏழு கதவுக்கும் 4,500 ரூபாய் பூட்டு செட் போட்டிருக்கிறார். கழிவறைக்கும் கொல்லைக்கும் கைப்பிடியும் தாழ்ப்பாளும் போதும். மூன்று செட் குறைந்தால் 13,500 மிச்சம். பில்லில் உள்ள 22,000 ரூபாய் ஸ்மார்ட் லாக்கையும் நான் நீக்கிவிடுவேன். மழைக்காலத்தில் மரம் உப்பினால் பூட்டின் நாக்கு சட்டத்துக் குழியில் நேராக விழாது, மோட்டார் திணறும். சாதாரணப் பூட்டென்றால் கதவை இழுத்துப் பிடித்துச் சாவியைத் திருப்பிவிடலாம்.

அதிகப்படி 18 கீலை 160 ரூபாய் வீதம் கழித்தால் இன்னொரு 2,880. எல்லாம் போக, கைப்பிடிக்குக் கொஞ்சம் சேர்த்தாலும் பில் 49,000-க்குள் நிற்கும்.

அதையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். ஆசாரி கதவு மாட்டும்போது கீலும் திருகாணியும் மட்டும் வாங்குங்கள். பூட்டு, கைப்பிடி, போல்ட் எல்லாம் பெயின்ட் அடித்த பிறகு. முன்பே மாட்டினால் அவற்றிலும் பெயின்ட் ஏறும். நடுவில் கிடைக்கும் இரண்டு மூன்று சம்பளத்தில் கார்டு இல்லாமலே சமாளிக்கலாம்.

தாளை மச்சானிடம் கொடுத்து, "இந்தக் கணக்குக்கு விலை போடுங்க, பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்று கேளுங்கள்.