ஃபேட்டுக்கு வாங்கி லிட்டருக்கு விக்கிற பால்காரருக்கு ஒரு நாள் லாபம் எவ்வளவு? (கேள்வி பதில்)

கேள்வி: ரெண்டு இடத்துல பால் எடுக்குறேன், ஒண்ணு 20 கிலோ 6.5 ஃபேட், இன்னொண்ணு 60 கிலோ 4 ஃபேட். சராசரி 5.25. கிலோ ஃபேட் 800 ரூபான்னா கொள்முதல் 3360, லிட்டர் 50ன்னு 80 லிட்டர் வித்தா 4000, லாபம் 640. ஆனா கையில நிக்கிற காசு இதோட ஒத்தே வரல, ஏன்?

பதில்: ஒங்க கணக்குல ரெண்டு இடத்துல சறுக்குது, அதுவும் ஒண்ணு மேல தூக்குது ஒண்ணு கீழ இழுக்குது, அதான் கண்டுபிடிக்க முடியல. ஃபேட் நம்பரை மட்டும் கூட்டி ரெண்டால வகுக்கக்கூடாது, எந்த ஃபேட்ல எவ்வளவு பால்னு பாக்கணும். ஃபேட்ங்குறது நூத்துக்கு எவ்வளவு கொழுப்புங்குற கணக்கு, 20 கிலோவுல 6.5ன்னா 1.3 கிலோ கொழுப்பு, 60 கிலோவுல 4ன்னா 2.4 கிலோ, ஆக 3.7 கிலோ. 800ஆல பெருக்கினா 2960, நீங்க நெனச்சத விட 400 ரூபா கம்மி.

அடுத்தது, எடை போட்டு வாங்குறீங்க, லிட்டர்ல விக்கிறீங்க. ஒரு லிட்டர் பால் சுமாரா 1.03 கிலோ இருக்கும், அதனால 80 கிலோங்குறது 77 லிட்டர் சொச்சம்தான். நுரை, சிந்துறது, கேன்ல ஒட்டுறது எல்லாம் போக 76 லிட்டர் வித்ததா வச்சுக்கங்க, வரவு 3800. வித்தியாசம் 840, பெட்ரோல் கூலின்னு ஒரு 250 கழிச்சா 590 நிக்கும்.

கேள்வி: ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்குதுல்ல, அப்போ 640க்கும் 590க்கும் 50 ரூபா தானே, விட்டுடலாமே?

பதில்: இல்லீங்க, இன்னைக்கு அப்படி அமைஞ்சுது அவ்வளவுதான். நாளைக்கு அதையே மாத்திப் போடுங்க, 6.5 ஃபேட் பால் 60 கிலோ, 4 ஃபேட் 20 கிலோ. சராசரி போட்டா அதே 5.25, அதே 640 லாபம்னு நோட்டு சொல்லும். உண்மையில கொழுப்பு 4.7 கிலோ, கொள்முதல் 3760, வரவு அதே 3800, செலவு 250 கழிச்சா 210 ரூபா கையிலருந்து போகுது. கெட்டியான பால் கெடைச்சுதுன்னு சந்தோஷமா எடுத்துட்டு வருவோம், ஆனா வாங்குறவங்க கொழுப்புக்கு தனியா காசு குடுக்கப்போறதில்ல. மேல சொன்ன ரேட்டுக்கு மொத்தப் பால் ஃபேட் 5.5 தாண்டுச்சுன்னா லாபம் இல்லைன்னு மனசுல வச்சுக்கங்க. எருமைப்பால் அதிகமா வந்தா அதைத் தனியா வச்சு தனி ரேட்ல விக்கிறதுதான் வழி.

கேள்வி: நான் மாடு வச்சிருக்கேன், பால்காரர் வந்து பாத்தா 4.2, சொசைட்டியில குடுத்தா 3.8. யாரு ஏமாத்துறா?

பதில்: இது வாங்குற பக்கத்துக் கேள்வி இல்ல, ஆனாலும் சொல்றேன், ஏமாத்துறாங்கன்னு ஒடனே முடிவு பண்ணாதீங்க. பால் நின்னா ஆடை மேல வந்துடும், கலக்காம மேலாப்புல மொண்டா ஃபேட் கூட காட்டும். காலைப்பாலுக்கும் சாயங்காலப்பாலுக்குமே வித்தியாசம் வரும். ஒரே நேரத்துப் பாலை நல்லாக் கலக்கி ரெண்டு இடத்துலயும் குடுத்துப் பாருங்க, அப்பவும் இப்படியே வந்தா மிஷின்களை ஒப்பிட்டுத்தான் பாக்கணும்.

பால்காரங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு. எல்லாரும் ஊத்தி முடிச்சதும் மொத்தக் கேனையும் கலக்கி ஒரு தடவை ஃபேட் எடுங்க. முதல் கணக்குல 4.6 வரணும். 4.3தான் வருதுன்னா 80 கிலோவுக்கு கிட்டத்தட்ட கால் கிலோ கொழுப்புக்கு வீணா காசு குடுத்திருக்கீங்க, நாளுக்கு 190 ரூபாக்கு மேல. மிஷினை சரியா கழுவலைன்னாலும், கறந்த சூட்டோட காத்துக்குமிழியோட ஊத்தினாலும் தப்பா காட்டும், அதையும் பாத்துட்டுத்தான் ஆள் மேல சந்தேகப்படணும்.

கேள்வி: ஃபேட் கூட வர்ற அன்னைக்கு கொஞ்சம் தண்ணி விட்டு லிட்டரைக் கூட்டிக்கிட்டா கணக்கு நேராகிடாதா?

பதில்: அது கலப்படம், வேண்டாம். லாக்டோமீட்டர் விட்டாலே தெரிஞ்சிடும், அதுல பிடிபட்டா வாடிக்கை மொத்தமா போயிடும். ஃபேட் ஏறுற மாசத்துல விக்கிற ரேட்டை ஏத்துங்க, இல்ல கெட்டிப்பால் எடுக்குற அளவைக் குறைங்க.

கேள்வி: எங்க பக்கம் கொழுப்பு போக மீதி திடப்பொருளான எஸ்.என்.எஃப்பும் சேத்து ரேட் போடுறாங்க, உங்க கணக்கு ஒத்துவருமா?

பதில்: அப்படியே வராது. எடையோட பெருக்கிக் கூட்டுற முறை அதுக்கும் அதேதான், ஆனா கொழுப்புக்கு ஒரு ரேட், எஸ்.என்.எஃப்புக்கு ஒரு ரேட்னு ரெண்டு கூட்டு போடணும். நான் சொன்ன 5.5 எல்லை அங்க செல்லாது. ஒங்க ரேட் சார்ட்டைப் போடுங்க, அதைப் பாத்துத்தான் சொல்ல முடியும்.